72 வீடுகள், 54 லைன்கள்: குழாய் மாற்றும் பணியில் யாருக்கு, எதை, எப்போது சொன்னோம்

பின்னணி

தென் சென்னையில் மூன்று பிளாக் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே நான்கு மாடிகள், மாடிக்கு ஆறு வீடு என மொத்தம் 72 வீடுகள். கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மொட்டை மாடி டேங்கிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் லைன்கள் எல்லாம் பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். உள்ளே துருப் பிடித்து, காலையில் முதலில் திறக்கும் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். குழாய் முனையில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றித் துருவைத் தட்ட வேண்டியிருந்தது. எல்லா லைன்களையும் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்பாக மாற்றுவது என்று பொதுக்குழுவில் முடிவானது.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று லைன்: சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு இரண்டு. ஒரு லைன் மேலிருந்து கீழாக நான்கு வீடுகளுக்குப் போகிறது. ஆக ஒரு பிளாக்குக்கு 18, மொத்தம் 54 லைன்கள். ஒரு லைனுக்கு இரண்டு நாள் வேலை. முதல் நாள் புதிய பைப்பைச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்துவார்கள், அன்று தண்ணீர் நிற்காது. இரண்டாம் நாள் பழைய லைனை அறுத்து, நான்கு வீட்டுக் கிளைகளையும் புதிய லைனில் சேர்ப்பார்கள். அன்று மட்டும் காலை 9 முதல் மாலை 5 வரை அந்த லைனில் தண்ணீர் இருக்காது. வாரம் ஆறு நாள் வீதம் கணக்கிட்டால் 18 வாரம். ஜூன் முதல் வாரம் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் முடித்துவிடலாம்.

நான் அந்தக் குடியிருப்பில் வசிப்பவன். அலுவலகத்தில் திட்ட மேலாண்மை பார்ப்பதால் ஒருங்கிணைப்பு வேலையைச் சங்கம் என்னிடம் கொடுத்தது. ஒப்பந்தம், அளவு, பணம் கொடுக்கும் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் தாள் போட்டேன். தகவல் சொல்வதற்கு மட்டும் தாள் போடவில்லை. அதற்குத்தான் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரங்களில் கண்டது

சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தினமும் காலையில் குழுவில் ஒரு செய்தி போடுவார்: "இன்று ஏ பிளாக் 4ஆம் லைன் வேலை, ஒத்துழைப்பு தேவை." கேட்டுக்கு அருகில் உள்ள அறிவிப்புப் பலகையிலும் அதையே எழுதி ஒட்டுவோம். முதல் ஆறு லைன்கள் பெரிய சத்தமில்லாமல் முடிந்தன. தகவல் போய்ச் சேருகிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். உண்மையில் ஏ பிளாக்கில் அந்த வீடுகளில் பெரும்பாலும் உரிமையாளர்களே குடியிருந்தார்கள், பகலில் வீட்டில் ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு பின்னோக்கிப் பார்த்தபோது தெரிந்தவை: அந்த இரண்டு வாரத்தில் குழுவில் வந்த செய்திகள் 300க்கும் மேல். அவற்றில் குழாய் வேலை பற்றியவை 14. மற்றவை பிறந்தநாள் வாழ்த்து, நாய்க்குட்டி, பார்க்கிங் சண்டை. செயலாளரின் செய்தி காலை எட்டரைக்குப் போகும், ஒன்பதுக்குள் பத்துப் பதினைந்து செய்திகளுக்குக் கீழே போய்விடும். அதைவிட முக்கியமான ஒன்று: 72 வீடுகளில் உரிமையாளர் குடியிருப்பது 38 வீட்டில்தான். 27 வீடு வாடகைக்கு, 7 பூட்டிக் கிடந்தன. குழுவில் வாடகைதாரர் ஒருவர்கூட இல்லை. குழு உரிமையாளர்களுக்காக ஆரம்பித்தது, அப்படியே இருந்துவிட்டது.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை

பி பிளாக், சமையலறை லைன். காலை 8:40க்குக் குழுவில் செய்தி. மூன்றாம் மாடி வீட்டின் உரிமையாளர் அமெரிக்காவில், கிழக்குக் கரையில் இருக்கிறார். அங்கே அப்போது இரவு 11:10. அவர் தூங்கிவிட்டார். வீட்டில் வாடகைக்கு இருந்த இளைஞருக்கு எதுவும் தெரியாது.

ஒன்பதேகாலுக்கு அவர் சமையலறைக் குழாயைத் திறந்திருக்கிறார். தண்ணீர் வரவில்லை. குளியலறையில் வருகிறது. சல்லடையில் மறுபடி துரு அடைத்துவிட்டது என்று நினைத்து, குழாயை முழுவதும் திறந்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறார். நேரமாகிவிட்டது, அப்படியே அலுவலகம் கிளம்பிவிட்டார். சிங்க்கில் முந்தின இரவுத் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு தட்டு வடிகால் துளைமேல் சரியாக உட்கார்ந்திருந்தது.

மாலை 5:20க்கு லைனில் தண்ணீர் விட்டார்கள். ஆறரைக்கு இரண்டாம் மாடி வீட்டம்மா சமையலறைக்குள் வந்தபோது மேல் அலமாரியின் மூலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஓடினார். மேல் வீடு பூட்டியிருந்தது. கேட்டில் இருந்த பதிவேட்டில் அந்த வீட்டுக்கு அமெரிக்க எண் மட்டும்தான். மொட்டை மாடிக்குப் போனால் ஒரே மாதிரி 18 வால்வுகள், எதிலும் பெயரில்லை. ஒவ்வொன்றாக மூடி, கீழே போனில் "நின்னுச்சா, நின்னுச்சா" என்று கேட்டு, கடைசியில் ஏழு மணிக்கு நிறுத்தினார். இரண்டாம் மாடியில் பிளைவுட் அலமாரி உப்பிவிட்டது, அரிசியும் பருப்பும் நனைந்துவிட்டன.

அன்று இரவு இரண்டு வீட்டுக்கும் சண்டை. வாடகைதாரர், "எனக்கு யாரும் சொல்லலை சார்" என்றார். செயலாளர் போனை நீட்டி, "காலையிலேயே போட்டிருக்கேனே, பாருங்க" என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

நிறுத்தி வைத்த இரண்டு நாள்

புதன், வியாழன் இரண்டு நாளும் வேலையை நிறுத்தச் சொன்னேன். ஒப்பந்தக்காரருக்கு வருத்தம், ஆட்களுக்குக் கூலி போகிறது. அந்தக் கூலியைச் சங்கமே ஏற்றுக்கொள்ளட்டும் என்று பொருளாளர் மேடம் உடனே சொன்னார். இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

முதலில் நான் வழக்கமான முறையில் ஆரம்பித்தேன்: யாருக்கு அதிகாரம் அதிகம், யாருக்கு அக்கறை அதிகம் என்று கட்டம் போட்டு ஆட்களை அதில் வைப்பது. நிர்வாகக் குழு மேலே, உரிமையாளர்கள் அதற்கு அடுத்து, வாடகைதாரர்கள் கீழே. வீட்டு வேலை செய்பவர்கள் தாளிலேயே இல்லை. அந்தத் தாளோடு கேட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தபோது, ஐந்து வீட்டில் வேலை செய்யும் ஓர் அக்கா, விசாரித்துவிட்டுச் சொன்னார்: "காலையில குழாயைத் திறக்கிறது நாங்கதான் தம்பி. எங்ககிட்ட ஒருத்தரும் சொல்றதில்லையே. தண்ணி வரலைன்னா அப்படியே விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவோம்."

தாளைக் கிழித்துவிட்டு வேறு கேள்வியிலிருந்து தொடங்கினேன். இந்த லைன் மூடும் நாளில் யார் என்ன செய்ய வேண்டும்? எத்தனை மணிக்குள்? அதைச் செய்ய அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பணம் கொடுப்பவர் யார் என்பது கணக்கு அறிக்கைக்கு முக்கியம். குழாயைத் திறக்கும் கை யாருடையது என்பதுதான் மூடும் அறிவிப்புக்கு முக்கியம். அதிகாரக் கட்டம் தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் இது போன்ற வேலையில் அதை முதலில் எடுத்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

இரண்டாவது முடிவு, சொல்லியாயிற்று என்பதையும் போய்ச் சேர்ந்தது என்பதையும் தனித்தனிப் பத்தியாக எழுதுவது. செயலாளர் நீட்டிய போனில் இருந்தது முதல் பத்தி மட்டும்.

மூன்றாவது, ஒரு விஷயத்துக்கு ஒரே வாய். செயலாளர், பொருளாளர், நான், ஒப்பந்தக்காரர், சைட் சூப்பர்வைசர், இரண்டு வாட்ச்மேன்கள் என்று ஏழு பேர். ஏழு பேர் ஒருவருக்கொருவர் பேசினால் 21 இணைப்பு. முதல் இரண்டு வாரத்தில் சூப்பர்வைசர் ஒரு நேரம் சொல்ல, வாட்ச்மேன் வேறு நேரம் சொல்ல, ஜனங்கள் இருவரையும் நம்பாமல் போனார்கள். இனி தண்ணீர் நேரம் பற்றி நான் மட்டும், பணம் பற்றிப் பொருளாளர் மட்டும். மற்றவர்களைக் கேட்டால், "அவங்களைக் கேளுங்க" என்று கைகாட்டினால் போதும்.

வியாழன் இரவு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட தாள் இதுதான்:

| யார் | என்ன | எப்போது | எந்த வழி | சேர்ந்தது எப்படித் தெரியும் |
|---|---|---|---|---|
| அந்த லைனில் உள்ள நான்கு வீட்டில் குடியிருப்பவர் | எந்தக் குழாய், மூடும் திறக்கும் நேரம், செய்ய வேண்டியது | மூன்று நாள் முன்பு. முந்தின இரவு 8 மணி | கதவில் சீட்டு. பிறகு போன் | சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்து |
| வீட்டு வேலை செய்பவர்கள் | இன்று எந்த வீட்டில் எந்தக் குழாய் வராது | அன்று காலை உள்ளே வரும்போது | வாட்ச்மேன் வாய்மொழியாக | பதிவேட்டில் டிக் |
| வெளியூர், வெளிநாட்டு உரிமையாளர் | அடுத்த வார லைன்கள், சாவி யாரிடம் | வெள்ளி இரவு | மின்னஞ்சல் | பதில். இல்லையென்றால் ஞாயிறு போன் |
| எல்லா உரிமையாளர்கள் | முடிந்தது, அடுத்தது, செலவு | சனி மாலை ஒருமுறை | அட்மின் மட்டும் எழுதும் தனிக் குழு | தேவையில்லை |
| ஒப்பந்தக்காரர், சூப்பர்வைசர் | அன்றைய லைன், சேராத வீடுகள் | தினம் காலை 8:30 | மொட்டை மாடியில் நேரில் | நேரில் |
| நிர்வாகக் குழு | தாமதம், கூடுதல் செலவு | திங்கள் இரவு 15 நிமிடம் | நேரில் | குறிப்பேடு |

தாளுக்குக் கீழே ஒரு வரி எழுதினோம். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் வேலை செய்தது: கையெழுத்து வராத வீடு இருந்தால், பைப் இறங்கும் டக்ட்டில் அந்த வீட்டின் கிளை வால்வை மூடிய பிறகுதான் லைனில் தண்ணீர் விட வேண்டும். தகவல் சேராத வீட்டில் குழாய் திறந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வது. இதற்காகப் புதிய லைனில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பால் வால்வு போடச் சொன்னோம். மொட்டை மாடி வால்வுகளுக்கு எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டினோம்.

கையெழுத்துப் பத்தியில் "தேவையில்லை" என்று ஒரு கட்டத்தில் எழுதியிருப்பதையும் கவனிக்கலாம். சனிக்கிழமைச் செய்தியைப் படிக்காவிட்டால் யாருக்கும் எதுவும் நனையாது. எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கேட்டால் ஒப்புதலுக்கே மதிப்புப் போய்விடும்.

சீட்டு

சீட்டு எழுதுவதில் நேரம் செலவழித்தோம். செயலாளர் எழுதிய முதல் வரைவு "அன்புடையீர்" என்று தொடங்கி ஏழாவது வரியில்தான் தேதிக்கு வந்தது. கடைசியில் நின்றது இது:

> பி பிளாக், 7ஆம் லைன். சமையலறைக் குழாய் மட்டும்.
> சனி காலை 9க்கு மூடுகிறோம். மாலை 5 முதல் 7க்குள் திறப்போம்.
> குளியலறைகளில் தண்ணீர் வரும்.
> வெள்ளி இரவே ஒரு குடம் பிடித்து வையுங்கள். சனிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பும்போது சமையலறைக் குழாய் மூடியிருக்கிறதா பாருங்கள்.
> நேரம் மாறினால் 4:30க்குப் போன் வரும்.

தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் மறுபக்கம், மேலே மூடிய குழாயின் படம். "5 முதல் 7க்குள்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சி.பி.வி.சி. பைப்பைச் சொல்யூஷன் தடவித்தான் ஒட்டுகிறார்கள். கடைசி ஒட்டு இறுகும் வரை தண்ணீர் விடக்கூடாது. அவசரப்பட்டால் ஒட்டிய இடம் கசியும், மறுநாள் மறுபடி அறுக்க வேண்டும். கடைசி ஒட்டு மூன்று மணிக்குப் போட்டார்களா நாலுக்குப் போட்டார்களா என்பதைப் பொறுத்துத் திறக்கும் நேரம் நகரும். முன்பு "5 மணி" என்று சொல்லி 6:15க்கு விட்டபோது, அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எனக்கு ஒரு லைனுக்கு எட்டு ஒன்பது போன் வந்தது. வரம்பாகச் சொல்லி, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்றும் சொன்ன பிறகு, பெரும்பாலான நாட்களில் ஒன்றும் வரவில்லை.

அடுத்து நடந்தவை

சனிக்கிழமை அந்த லைனில் உள்ள வீடுகளில் மறுபடி பதற்றம் இருந்தது, நானே நான்கு கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விடச் சொன்னேன். அதன் பிறகு முறை ஓடத் தொடங்கியது. அந்தச் சனிக்கிழமை லைனையும் சேர்த்து மீதி 47 லைனுக்கு 188 சீட்டு. 171க்கு முந்தின இரவுக்குள் கையெழுத்து வந்தது. 17 முறை கிளை வால்வை மூடிவிட்டுத் தண்ணீர் விட்டோம். அதில் பெரும்பாலானவை பூட்டிய வீடுகள்.

ஒரே ஒருமுறை தவறியது. சீட்டில் கையெழுத்து இருந்தது, ஆனாலும் குளியலறைக் குழாய் திறந்து கிடந்தது. அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தால் பென்சிலில் ஏழாம் வகுப்புப் பையனின் பெயர். வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் பள்ளிப் பைக்குள் வைத்துவிட்டான், அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டான். தண்ணீர் குளியலறை வடிகாலிலேயே போனதால் சேதமில்லை. அன்றிலிருந்து பெரியவர்களிடம் மட்டும் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று வாட்ச்மேனுக்குச் சொன்னோம்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு மாலை இடியுடன் மழை. சி பிளாக்கில் வெளிச்சுவரில் தொங்கு சாரத்தில் ஆள் நின்று வேலை நடக்கிறது, பழைய லைனை அறுத்தாயிற்று, மூன்றாவது வீட்டுக் கிளை இன்னும் சேரவில்லை. மூன்றரைக்கு எல்லாரையும் இறக்கிவிட்டார் சூப்பர்வைசர். நாலு மணிக்கு எனக்குச் சொன்னார். நாலரைக்குள் நான்கு வீட்டுக்கும் பேசி முடித்தேன்: இன்று இந்தக் குளியலறையில் தண்ணீர் வராது, நாளை மதியம் 12க்குள் வரும், அடுத்த தகவல் நாளை 10 மணிக்கு. திட்டம் எழுதியபடி நடந்துவிட்டது என்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

இரவு எட்டுக்கு இரண்டாம் மாடி மருமகள் கூப்பிட்டார். மாமியார் படுத்த படுக்கை. "போன் வந்துச்சுங்க, நேரத்துக்குத்தான் வந்துச்சு. ஆனா அத்தையை இந்த பாத்ரூம்லதான் உட்கார வச்சுத் துடைக்க முடியும். கிச்சன்லேருந்து பக்கெட் பக்கெட்டா தூக்குறது யாரு?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். செய்தியை நேரத்துக்குச் சேர்த்ததோடு என் வேலை முடிந்தது என்று நான் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திங்கள் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் மறுநாளே இரண்டு 100 லிட்டர் டிரம் வாங்கினோம். மூடிய லைன் அன்றே திறக்காது என்றால், கேட்கும் வீட்டுக் குளியலறையில் டிரம் நிரப்பி வைத்துவிட்டுத்தான் பிளம்பர்கள் கிளம்ப வேண்டும். நாலரை மணிப் போனில், "டிரம் வேணுமா?" என்ற கேள்வி சேர்ந்தது. எந்தெந்த வீட்டில் முடியாதவர்கள், கைக்குழந்தை இருக்கிறார்கள் என்று முன்பே கேட்டு எழுதியிருந்தால் அந்த இரவு தேவைப்பட்டிருக்காது.

பணச் செய்தி

இந்தப் பகுதியில் நாங்கள் சரியாகச் செய்யவில்லை. சி பிளாக்கில் சில குளியலறைகளில் சுவருக்குள் போகும் கிளைப் பைப்பும் துருவில் கரைந்து போயிருந்தது. அதையும் மாற்றினால் ஒப்பந்தத் தொகைக்கு மேல் செலவு. சரியான கணக்கு வரட்டும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்தார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை.

கணக்கு வர ஆறு நாள் ஆனது. அதற்குள் உடைத்த சுவரைப் பார்த்த ஒரு வாடகைதாரர் படம் எடுத்துத் தன் வீட்டு உரிமையாளருக்கு அனுப்ப, அவர் பழைய குழுவில் போட, வீட்டுக்குப் பத்தாயிரம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பொருளாளர் கடைசியில் அனுப்பிய தொகை வீட்டுக்கு 4,200. வதந்தியில் பாதிக்கும் கீழே. ஆனாலும் மூன்று உரிமையாளர்கள், முதலில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டு அந்தத் தவணையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு தாளில் இப்படிச் சேர்த்தோம்: மொத்தச் செலவு 25,000க்கு மேல் கூடும் என்று தெரிந்தால், தெரிந்ததிலிருந்து இரண்டு நாளுக்குள் எல்லா உரிமையாளருக்கும் பொருளாளர் பெயரில் மின்னஞ்சல். சரியான தொகை தெரியாவிட்டால், குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு, முடிவான தொகை இந்தத் தேதியில் என்று மூன்றும் இருக்க வேண்டும். கூடவே ஒரு படம். செப்டம்பரில் மொட்டை மாடி டேங்க் இணைப்பை மாற்ற வேண்டி வந்தபோது இந்த முறையில் சொன்னோம். இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள், இருவருக்கும் பொருளாளர் அன்றே பதில் போட்டார், பணம் தேதிக்கு வந்தது.

முடிவு

அக்டோபர் முதல் வாரம் என்று திட்டமிட்ட வேலை மூன்றாம் வாரத் தொடக்கத்தில் முடிந்தது. நிறுத்திய இரண்டு நாள், மழையில் போன நாட்கள், சி பிளாக் சுவர் வேலை எல்லாம் சேர்ந்த தாமதம். பருவமழைக்கு முன் வெளிச்சுவர் வேலை முடிந்துவிட்டது.

ஜூனில் நனைந்த அலமாரியின் செலவைப் பற்றி நிர்வாகக் குழு மூன்று முறை பேசியது. வாடகைதாரருக்கு அறிவிப்பு சேரவில்லை என்பதைச் சங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டு பாதித் தொகையைக் கொடுத்தது. மீதியை மேல் வீட்டு உரிமையாளர் ஏற்றார். வாடகைதாரரிடம் எதுவும் வாங்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தகவல் திட்டத்தை வேலை உத்தரவுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். காலை எட்டரைக் கூட்டத்துக்கு வருவது, நாலு மணிக்கு நிலவரம் சொல்வது, கிளை வால்வு மூடுவது எல்லாம் சூப்பர்வைசரின் வேலையாக ஒப்பந்தத்திலேயே இருந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் நான் அவரைக் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது. நல்ல மனிதர், செய்தார். வேறு ஒருவராக இருந்தால் செய்திருப்பாரா தெரியாது.

ஒரே வாய் என்று வைத்ததில் ஒரு குறை, அந்த வாய்க்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. ஜூலையில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். சீட்டுகள் முன்பே ஒட்டியிருந்ததால் தப்பித்தோம், ஆனால் இரவு எட்டு மணிப் போன் யாரும் செய்யவில்லை. யாருக்குச் செய்ய வேண்டும் என்ற பட்டியல் என் போனில்தான் இருந்தது. பிறகு பொருளாளர் மேடத்தை மாற்று ஆளாக வைத்து, வாரம் ஒரு நாள் அவரே போன் செய்வது என்று வைத்தோம். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

வாடகைதாரர் எண்களை வாங்கியதிலும் ஒரு தவறு. எண்களைக் கேட் பதிவேட்டில் எழுதி வைத்தோம். தனியாக இருக்கும் ஒரு பெண், உணவு கொண்டுவரும் பையன் முதல் கூரியர்க்காரர் வரை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும் நோட்டில் தன் எண் இருப்பதைக் காட்டிக் கேட்டார். அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம். இப்போது எண்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கின்றன. கேட்டில் வீட்டு எண்ணும் டிக் போடும் கட்டமும்தான். இதை அவர் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது.

முந்தின இரவுப் போனை எல்லாருக்கும் கடைசிவரை செய்தது அதிகம். செப்டம்பரில் சிலர், "சீட்டுதான் இருக்கே, எதுக்கு போன்?" என்றார்கள். சீட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் விருப்பப்பட்டவர்களுக்கு நிறுத்தினோம். நான்கு மாதத்துக்கு மேல் ஓடும் வேலையில், இரண்டாவது மாதத் தொடக்கத்திலேயே எது தேவையில்லை என்று கேட்டுக் குறைத்திருக்கலாம். தினம் எனக்கு நாற்பது நிமிடம் போனது. அதில் பாதி மிச்சமாகியிருக்கும்.

பூட்டிய 7 வீடுகளில் இரண்டுக்கு உரிமையாளரின் இப்போதைய முகவரியோ எண்ணோ இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இரண்டு வீட்டின் ஆறு கிளை வால்வுகளும் மூடியபடியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.